தண்ணீர் கேனுக்கு யார் பொறுப்பு?

பந்தி தொடங்கிவிட்டது. இலை போட்டு, உப்பு, இனிப்பு, கூட்டு, பொரியல் எல்லாம் வைத்தாயிற்று. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தண்ணீர் கேட்கிறார். தண்ணீர் இல்லை. சமையல்காரரைக் கேட்டால், "கேன் வீட்டுக்காரங்க பொறுப்புன்னு அன்னைக்கே சொன்னேனே" என்கிறார். மண்டபத்திலேயே கொடுப்பார்கள் என்று சித்தப்பா நினைத்திருந்தார். சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று பெரியப்பா நினைத்திருந்தார். யாரோ ஒரு பையன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். முகூர்த்த ஞாயிறு என்பதால் கேன் கடைக்காரர் காலையிலேயே இருந்ததையெல்லாம் அனுப்பிவிட்டார்.

விசேஷம் நடத்திய வீடுகளில் இப்படி ஒரு கதையாவது இருக்கும். மறந்துபோய்விட்டது என்றுதான் பிறகு சொல்வார்கள். உண்மையில் அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் எல்லோர் நினைவிலும் இருந்தது, யார் பெயரிலும் எழுதப்படவில்லை.

விசேஷம் என்றாலே லிஸ்ட் போடுவது நம் வீடுகளில் வழக்கம்தான். பழைய நோட்டு ஒன்றை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, மண்டபம், சமையல், பத்திரிகை, பூ, மைக் செட் என்று வரிசையாக எழுதிவிடுவார்கள். என்னென்ன வேலை என்பது அந்த லிஸ்டில் இருக்கும். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் அம்மாவின் தலைக்குள்ளோ மூத்த மகனின் தலைக்குள்ளோ இருக்கும். அந்த மூன்றையும் தலையிலிருந்து இறக்கிக் காகிதத்தில் மூன்று கட்டங்களாகப் போட்டால் லிஸ்ட் ஒரு அட்டவணையாகிவிடும். பொறுப்பு, கெடு, நிலை. கட்டம் போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அவற்றை எப்படி நிரப்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தேனிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்கா தம்பி இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காதணி விழா. காலையில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது. பிறகு ஊருக்குள் இருக்கும் மண்டபத்தில் முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு. 2026 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை என்று மே மாதக் கடைசியில் நாள் குறிக்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம் கையில் இருக்கிறது. "இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கு" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அட்டவணையை எழுத ஆரம்பித்ததும் அந்த நிம்மதி எப்படிக் கலைகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் வேலைகளை எழுத வேண்டும். பெரும்பாலான அட்டவணைகள் இந்த இடத்திலேயே பாழாகிவிடுகின்றன. ஒரு வரியில் 'சாப்பாடு' என்று எழுதிவிட்டால் அந்த வரி விசேஷம் முடியும்வரை 'நடக்கிறது' என்றே இருக்கும். சாப்பாடு எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. சமையல்காரருக்கு முன்பணம் கொடுப்பது, என்னென்ன செய்வது என்று முடிவு செய்வது, அவரிடம் மளிகை லிஸ்ட் வாங்குவது, மளிகை வாங்குவது, முதல் நாள் மாலை காய்கறி, பால், தயிர், கேஸ் சிலிண்டர், வாடகைப் பாத்திரம், வாழை இலை, மேசையில் விரிக்கும் பேப்பர் ரோல், பரிமாற ஆட்கள், தண்ணீர் கேன் என்று எல்லாமே தனித்தனி வேலைகள். தனித்தனி ஆட்கள் செய்யலாம், தனித்தனித் தேதியில் முடியும்.

எவ்வளவு பொடியாகப் பிரிப்பது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. "இது முடிஞ்சுதா?" என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். 'பாதி' என்று பதில் வந்தால் அதற்குள் இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன என்று அர்த்தம். அதற்காக, கற்பூரம் வாங்குவது, தீப்பெட்டி வாங்குவது என்று வரிக்கு வரி பிரித்துக்கொண்டே போனால் அட்டவணை இருநூறு வரிக்கு நீண்டு யாரும் பார்க்காமல் போகும். ஒரே கடையில், ஒரே ஆள், ஒரே நடையில் வாங்குவதெல்லாம் ஒரே வரி. பூஜைச் சாமான் என்று போட்டுவிட்டு, விவரத்தைக் குறிப்புக் கட்டத்தில் எழுதலாம். இந்தக் குடும்பத்தின் அளவிலான விசேஷத்துக்கு நாற்பது முதல் ஐம்பது வரிகள் இருந்தால் தாராளம்.

எழுதும்போதே அளவையும் எழுதிவிடுவது நல்லது. 'தண்ணீர் கேன்' என்பதைவிட 'தண்ணீர் கேன், குடிக்க மட்டும் 15' என்று இருக்கும் வரி ஒரு கேள்வியை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது. ஆளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால் முந்நூறு பேருக்கு இருபது லிட்டர் கேன் பதினைந்து வேண்டும். சமையலுக்கு மண்டபத்துத் தண்ணீரா, கேன் தண்ணீரா என்று சமையல்காரரிடம் கேட்க வேண்டும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அது இன்னொரு வரி.

அடுத்து பொறுப்புக் கட்டம். ஒரு வரிக்கு ஒரே பெயர். இந்த விதியை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது. 'பெரியப்பா, சித்தப்பா' என்று இரண்டு பெயர் எழுதினால் இருவருமே மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். 'எல்லோரும்' என்று எழுதினால் கேட்கவே வேண்டாம். பொறுப்பு என்றால் அந்த வேலையைத் தன் கையால் செய்ய வேண்டும் என்பதில்லை. சித்தப்பா பெயரில் இருக்கும் வாழை இலையை அவருடைய மகன் போய்த் தூக்கி வரலாம். இலை வந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் சித்தப்பா, அவ்வளவுதான்.

ஒரு பெயர்தான் என்றதும் நம் குடும்பங்களில் ஒரு சங்கடம் முளைக்கும். அலுவலகத்தில் அப்படியே செய்துவிடலாம். இங்கே மரியாதை என்று ஒன்று இருக்கிறது. பத்திரிகை வாசகத்துக்கு மூத்த பேரன் பொறுப்பு என்று எழுதிவிட்டால், "என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே" என்று பெரியப்பா வருத்தப்படுவார். அதற்காகப் பெரியப்பாவின் பெயரைப் போட்டால், அச்சகத்துக்கு நான்கு தடவை நடக்க அவரால் முடியாது. அவர் பெயருக்கு நேரே 'தாமதம்' என்று சிவப்பில் வந்தால் அது இன்னொரு மனஸ்தாபம்.

இதற்கு வழி, பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுவது. 'கேட்க வேண்டியவர்' என்று அதற்குப் பெயர் வைக்கலாம். வேலையை முடிக்கும் பொறுப்பு பேரனுக்கு. பெரியப்பாவைக் கேட்காமல் அது முடிந்ததாகக் கணக்கில்லை. பெரிய நிறுவனங்களில் திட்ட மேலாண்மை செய்பவர்களும் வேலையைச் செய்பவர், பதில் சொல்ல வேண்டியவர், ஆலோசனை கேட்கப்பட வேண்டியவர், தகவல் தெரிவிக்கப்பட வேண்டியவர் என்று நான்காகப் பிரித்து அட்டவணை போடுகிறார்கள். வீட்டுக்கு நான்கு தேவையில்லை, இந்த இரண்டு போதும். உண்மையில், கேட்க வேண்டியவர் என்ற கட்டத்துக்கு நிறுவனங்களைவிட நம் குடும்பங்களில்தான் வேலை அதிகம். பத்திரிகையில் யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்ற ஒரே விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

தாய்மாமன் சீர் தனி ரகம். தோடு, துணிமணி, மாலை, சீர்த்தட்டு எல்லாம் அவர் வீட்டிலிருந்து வர வேண்டியவை. அதை அட்டவணையில் ஏற்றி, கெடு போட்டு, குடும்பமே பார்க்கும்படி வைப்பது முறையாக இருக்காது. எத்தனை தட்டு, எத்தனை பவுன் என்பதெல்லாம் அவர் விருப்பம். ஆனால் சீர் எத்தனை மணிக்கு மண்டபத்துக்கு வரும், எங்கிருந்து மேளத்தோடு புறப்படும் என்பது மற்ற வேலைகளைப் பாதிக்கும். இந்தக் குடும்பம் அந்த நேரத்தை மட்டும் ஒரு வரியாக எழுதுகிறது. பொறுப்பு பிள்ளைகளின் அம்மாவுக்கு. தன் அண்ணனிடம் போனில் கேட்டு நேரத்தை எழுதிவிட்டால் வரி முடிந்துவிடும்.

பொறுப்புக் கட்டம் நிரம்பியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொருவர் பெயரிலும் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பம் எழுதிய நாற்பத்து நான்கு வரிகளில் பத்தொன்பது அம்மாவின் பெயரில் வந்து நிற்கிறது. பூஜைச் சாமான், தாம்பூலப் பை, பிள்ளைகளுக்குத் துணி, தையல்காரர், உறவுக்காரர்களுக்கு எடுக்கும் சேலை, நகை லாக்கர், மருந்துப் பை என்று சின்னச் சின்னதாய்ச் சேர்ந்தவை. அப்பாவின் பெயரில் ஆறு வரி. வேண்டுமென்று யாரும் அப்படிப் பிரிக்கவில்லை. எழுதிய பிறகுதான் கண்ணில் படுகிறது. விசேஷத்தன்று காலையில் அம்மா ஏன் புகைப்படத்துக்குக்கூட நிற்க முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு விடை மே மாதத்திலேயே இங்கே எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய வரிகளில் எட்டை அப்பாவுக்கும், அத்தைக்கும், கல்லூரியில் படிக்கும் சித்தி மகளுக்கும் மாற்றுகிறார்கள்.

இனி கெடு. பலரும் கெடு போடும்போது இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். 'அடுத்த வாரம் மண்டபம், அதுக்கப்புறம் பத்திரிகை' என்று போவார்கள். எண்ண வேண்டியது விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி. எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் 1950களின் பிற்பகுதியில் ரசாயனத் தொழிற்சாலைப் பணிகளைத் திட்டமிட இந்த முறையைக் கணக்காகவே வகுத்தார்கள். ஒன்றையொன்று சார்ந்த வேலைகளில் மிக நீளமான சங்கிலி எதுவோ, அதுதான் மொத்தத் திட்டத்துக்கும் எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்கும் என்பது அதன் அடிப்படை.

காதணி விழாவில் அந்த நீளமான சங்கிலி பத்திரிகை. ஆகஸ்ட் 23 விசேஷம். இரண்டு வாரத்துக்கு முன்னால் பத்திரிகை வைத்தால் போதும் என்பது அப்பாவின் கணக்கு. ஆகஸ்ட் 9 என்று எழுதப் போனபோது பாட்டி நிறுத்துகிறார். "ஆடியில பத்திரிகை வைக்கிறதாடா?" 2026இல் ஆடி ஜூலை 17ஆம் தேதி பிறந்து ஆகஸ்ட் 16 வரை இருக்கிறது. ஆவணி பிறந்த பிறகு வைக்கலாம் என்றால் 17ஆம் தேதியிலிருந்து ஆறே நாள்தான். நூற்றைம்பது வீடுகள், மதுரை, திண்டுக்கல், கம்பம் என்று மூன்று திசையில் இருக்கின்றன. நேரில் போய் வெற்றிலை பாக்கோடு வைக்க வேண்டிய வீடுகளே பாதிக்கு மேல். ஆறு நாளில், அதுவும் வேலைநாள்களில், நடக்காது.

ஆக ஆடிக்கு முன்பே வைத்தாக வேண்டும். ஜூலை 16 வியாழக்கிழமை. விடுமுறை நாளில்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் ஜூன் 28, ஜூலை 5, ஜூலை 12 என்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை மூன்று திசைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் பத்திரிகை ஜூன் 26ஆம் தேதி கையில் இருக்க வேண்டும். அச்சகத்துக்கு ஐந்தாறு நாள் கொடுத்தால், பிழை திருத்தி 'அடிக்கலாம்' என்று சொல்ல வேண்டிய நாள் ஜூன் 20. பெரியப்பாவைக் கேட்டு வாசகம் முடிவாக வேண்டிய நாள் ஜூன் 17. மண்டபத்தின் பெயர் இல்லாமல் வாசகம் எழுத முடியாது. எனவே மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து ரசீது வாங்க வேண்டிய நாள் ஜூன் 14.

ஆகஸ்ட் 23இல் நடக்கும் விசேஷத்துக்கு முதல் கெடு ஜூன் 14. மூன்று மாதம் கிடக்கிறது என்று சொன்ன வீட்டுக்கு மண்டபம் பிடிக்க உண்மையில் இருப்பது இரண்டு வாரம். இதை அந்தக் குடும்பம் தெரிந்துகொண்டது தேதிகளைப் பின்னாலிருந்து எழுதியதால்தான். இன்னொன்றும் தெரியவருகிறது. ஜூலை தொடக்கத்தில் பத்திரிகை வாங்கியவர்கள் ஆகஸ்ட் கடைசியில் மறந்திருப்பார்கள். அதனால் புதிதாக ஒரு வரி சேர்கிறது: ஆவணி பிறந்ததும், ஆகஸ்ட் 17 முதல் 19க்குள், எல்லோருக்கும் நினைவூட்டி ஒரு போன். அதே போனில் எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்டுவிட்டால் சமையல்காரருக்குச் சொல்ல வேண்டிய இறுதி எண்ணிக்கை கிடைத்துவிடும். அவர் கொடுத்த மளிகை லிஸ்டில் அளவைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு நாள் இருக்கிறது, மளிகை 20ஆம் தேதி வாங்கினால்.

கெடுவைப் பொறுத்தவரை ஒரு சின்ன நுணுக்கம். விசேஷத்துக்கு முந்தின நாளை எதற்கும் கெடுவாக வைக்கக் கூடாது. காய்கறி, பூ, இலை, பால் மாதிரி வாடிப்போகிற, கெட்டுப்போகிற பொருள்கள் மட்டும் விலக்கு. அந்த நாளுக்குள் தையல்காரரிடம் ரவிக்கை வாங்குவதும் வங்கியில் நகை எடுப்பதும் வந்து சேர்ந்தால் ஒன்று கண்டிப்பாக விடுபடும். அந்தக் குடும்பத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, அதுவும் நான்காம் சனி. அன்று வங்கி கிடையாது. லாக்கர் வரியின் கெடு ஆகஸ்ட் 21.

மூன்றாவது கட்டம் நிலை. எளிதாகத் தோன்றும். ஏமாற்றுவதில் மற்ற இரண்டையும்விடக் கெட்டிக்காரக் கட்டம் இது. அம்மா அண்ணனுக்குப் போன் போடுகிறார். "அண்ணே, மேளத்துக்குச் சொல்லிட்டியா?" "அதெல்லாம் சொல்லியாச்சும்மா." அட்டவணையில் முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். சொன்னது உண்மைதான். கடைத்தெருவில் பார்த்தபோது, "ஆகஸ்ட்ல ஒரு விசேஷம் இருக்கு, வந்துருங்க" என்று சொல்லியிருக்கிறார். தேதி சொல்லவில்லை, முன்பணம் கொடுக்கவில்லை. அந்தக் குழு அதே முகூர்த்தத்துக்கு வேறு வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கும்.

எனவே 'தொடங்கவில்லை', 'முடிந்தது' என்ற இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு படிகள் வேண்டும். 'பேசியாச்சு' ஒன்று, 'உறுதி' இன்னொன்று. வாய்வார்த்தை மட்டும் என்றால் பேசியாச்சு. முன்பணம் கொடுத்து, தேதி, நேரம், இடம் மூன்றும் எழுத்திலோ வாட்ஸ்அப் செய்தியிலோ இருந்தால் உறுதி. பொருள் கைக்கு வந்தாலோ, ஆள் வந்து வேலையை முடித்தாலோதான் முடிந்தது. இந்த எல்லைகளை முதல் நாளே அட்டவணையின் தலைப்பில் ஒரு வரியாக எழுதிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் அவரவர் மனசுக்கு ஏற்ப முடித்துவிடுவார்கள்.

சமையல்காரர் விஷயத்தில் இது மிக முக்கியம். நல்ல முகூர்த்த நாளில் பேர்போன சமையல்காரர்கள் இரண்டு மூன்று இடத்தை ஒப்புக்கொண்டு, ஓரிடத்துக்கு உதவியாளரை அனுப்புவது நடக்கும். முன்பணம் கொடுத்ததோடு நிற்காமல், மூன்று நாளுக்கு முன் போன் செய்து, எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். 'வந்துருவோம் சார்' என்பது பதிலல்ல. விடியற்காலை நான்கு மணி, ஆறு ஆள், காய் நறுக்க முதல் நாள் இரவே இரண்டு பேர் என்று எண்ணோடு பதில் வந்தால் அவர் மனதில் உங்கள் விசேஷம் பதிந்திருக்கிறது என்று நம்பலாம்.

ஜூலை 6ஆம் தேதி, திங்கட்கிழமை, அந்தக் குடும்பத்தின் அட்டவணையில் சில வரிகள் இப்படி இருக்கின்றன:

| வேலை | பொறுப்பு | கேட்க வேண்டியவர் | கெடு | நிலை |
|---|---|---|---|---|
| மண்டபம் முன்பணம், ரசீது | அப்பா | தாத்தா | 14/06 | முடிந்தது |
| பத்திரிகை வைத்தல்: திண்டுக்கல் பக்கம் | சித்தப்பா | பாட்டி | 05/07 | பேசியாச்சு |
| பத்திரிகை வைத்தல்: கம்பம் பக்கம் | அத்தை | பாட்டி | 12/07 | தொடங்கவில்லை |
| சமையல்காரர் முன்பணம் | அப்பா | பெரியப்பா | 30/06 | உறுதி |
| மேளம் | மாமா | அம்மா | 30/06 | பேசியாச்சு |
| கோயிலுக்கு வேன், 2 | மூத்த பேரன் | அப்பா | 31/07 | தொடங்கவில்லை |

இதைப் பார்த்ததும் இரண்டு இடத்தில் கண் நிற்க வேண்டும். திண்டுக்கல் பக்கம் நேற்றே முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஆடிக்கு முன் இனி ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம். மேளத்தின் கெடு தாண்டி ஆறு நாள் ஆகிறது, இன்னும் வாய்வார்த்தையிலேயே நிற்கிறது. சமையல்காரர் வரியும் கெடு தாண்டியதுதான், ஆனால் அது உறுதியாகிவிட்டது. அந்த வரியின் வேலை முன்பணம் என்பதால் அதை முடிந்தது என்றே மாற்றிவிடலாம். வாரம் ஒரு முறை, ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, இப்படிக் கெடு தாண்டியதையும் அடுத்த ஏழு நாளில் வருவதையும் மட்டும் பார்த்தால் போதும். நாற்பது வரியையும் ஒவ்வொன்றாக வாசிக்க உட்கார்ந்தால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள்.

சார்ட் பேப்பரில் கோடு போட்டு ஹாலில் ஒட்டினாலே இவ்வளவும் நடக்கும். பெரியவர்கள் நிறைந்த வீட்டில் அதுவே மேல். உறவுகள் சென்னை, திருப்பூர், பெங்களூரு என்று பிரிந்திருந்தால் கூகுள் ஷீட்ஸ் உதவும். அதில் மூன்று காரியங்களைச் செய்துகொள்ள வேண்டும். விசேஷத் தேதியை மேலே `B1` கட்டத்தில் ஒரே ஒரு முறை எழுதி, கெடுக்களை அதிலிருந்து கழித்து வரச் செய்வது முதலாவது. ஜூன் 14 என்று கையால் எழுதுவதற்குப் பதில் கெடுக் கட்டத்தில் இப்படி எழுதலாம்:

```
=$B$1-70
```

விசேஷம் ஒரு வாரம் தள்ளிப்போனால் `B1` ஒன்றை மாற்றினால் போதும், எல்லாக் கெடுவும் கூடவே நகரும். ஆனால் ஆடி நகராது. ஆடியையோ வங்கி விடுமுறையையோ ஒட்டிப் போட்ட தேதிகளைக் கையால் எழுதி, ஏன் என்பதைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, நிலைக் கட்டத்தில் யாரையும் தட்டச்சு செய்ய விடாமல் `Data` மெனுவில் `Data validation` மூலம் நான்கு நிலைகளையும் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைப்பது. ஒருவர் 'முடிந்தது' என்பார், இன்னொருவர் 'முடிஞ்சுருச்சு' என்பார். கணினிக்கு இரண்டும் வேறு. மூன்றாவது, கெடு தாண்டியும் முடியாத வரிகள் தானாகவே சிவப்பாவது. `Format` மெனுவில் `Conditional formatting` திறந்து, `Custom formula is` என்ற இடத்தில் இதை எழுத வேண்டும். கெடு `D` வரிசையிலும் நிலை `E` வரிசையிலும் இருப்பதாகவும், வேலைகள் நான்காம் வரியில் தொடங்குவதாகவும் வைத்துக்கொண்டால்:

```
=AND($D4<>"",$D4<TODAY(),$E4<>"முடிந்தது")
```

சிவப்பு வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் முதலில் தேதியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஷீட்டின் நாடு அமெரிக்கா என்று அமைந்திருந்தால் 05/07/2026 என்பதை அது மே 7 என்று படிக்கும். 23/08/2026 என்பது அதற்குத் தேதியாகவே தெரியாது, ஏனென்றால் இருபத்து மூன்றாவது மாதம் கிடையாது. தேதியாகப் புரிந்துகொண்டவை கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும். புரியாதவை வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே வரிசையில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால் கோளாறு அங்கேதான். `File` மெனுவில் `Settings` போய் `Locale` என்பதை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தேதிகளைத் திரும்ப எழுத வேண்டும்.

எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுப்பதும் வம்பு. பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் அதைக் கொடுத்து, மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி தரலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அட்டவணையைப் படம் பிடித்துப் போடுவதாக இருந்தால், எந்தத் தேதியின் நிலவரம் என்பது படத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு முந்தைய படத்தைப் பார்த்துவிட்டு மாமா இரண்டாவது தடவை வேன் பேசிவிட்டால் முன்பணம் போனதுதான்.

விசேஷ நாளன்று இந்த அட்டவணையால் பிரயோசனம் இல்லை. கெடு எல்லாம் ஒரே தேதி என்றாகிவிட்ட பிறகு தேதிக் கட்டத்தால் எதையும் சொல்ல முடியாது. 21ஆம் தேதி இரவே அதை நிறுத்திவிட்டு, மணிவாரியாக ஒரே பக்கத்தில் வேறொன்று எழுதுவதுதான் முறை. நான்கு மணிக்கு அடுப்பு, ஐந்தரைக்கு முதல் வேன் கோயிலுக்கு, காது குத்தும் ஆசாரி எத்தனை மணிக்கு, சீர் எத்தனை மணிக்கு, பந்தி எத்தனை மணிக்கு என்று நேரம், பெயர், கைபேசி எண் மூன்றும் அதில் இருந்தால் போதும். சமையலறை வாசலில் ஒன்று, மண்டப முகப்பில் ஒன்று, வேனில் ஒன்று. அன்று அம்மா பெயரும் அப்பா பெயரும் அந்தத் தாளில் வரக் கூடாது. அவர்கள் பிள்ளைகளோடு சடங்கில் உட்கார்ந்திருப்பார்கள். மொய் எழுத இரண்டு பேர், ஒருவர் நோட்டில் எழுத, ஒருவர் பணத்தை வாங்கிப் பையில் போட. அதுவும் பெயரோடு அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

ஆனால் பெரிய அட்டவணையை அழித்துவிட வேண்டாம். விசேஷத்துக்குப் பிறகான வரிகள் அதில் இன்னும் இருக்கின்றன, பலரும் எழுத மறப்பவை அவைதான். பல மண்டபங்களில் மின்சாரத்துக்குத் தனியாக யூனிட் கணக்கில் வாங்குகிறார்கள். சாவி வாங்கும்போதே மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது ஒரு வரி, திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடுப்பது இன்னொரு வரி. வாடகைப் பாத்திரத்தை வாங்கும்போது எண்ணியவரே திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ண வேண்டும். கரண்டியும் டம்ளரும் குறைவது வழக்கம், குறைந்ததற்குக் கடைக்காரர் காசு பிடிப்பார். மண்டபத்துக்கு மீதிப் பணம், சமையல்காரருக்கு மீதி, புகைப்படக்காரரிடம் ஆல்பத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என்று இவற்றுக்கும் பெயரும் தேதியும் உண்டு. புகைப்படம் மாதக்கணக்கில் இழுக்கும் காரியம். பெரும்பாலும் தேர்வு செய்து தராமல் வைத்திருப்பது வீட்டுக்காரர்கள்தான்.

இந்தக் குடும்பம் விசேஷம் முடிந்த வாரத்தில் குறிப்புக் கட்டத்தில் சில எண்களை எழுதிவைக்கிறது. இலை 350 வாங்கியதில் மிச்சம் எவ்வளவு, தண்ணீர் கேனில் எத்தனை திறக்காமல் திரும்பின, சாதம் எந்தப் பந்தியில் தட்டுப்பட்டது, நினைவூட்டும் போனில் வருகிறேன் என்றவர்களில் எத்தனை பேர் வந்தார்கள். தை மாதத்தில் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் இருக்கிறது. சித்தி இப்போதே அந்த ஷீட்டைத் தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.